‘ஆடு’ன்னு தேடினா ‘ஆட்டுத்தோல்’ ஏன் வரலை?

இந்த எபிசோடுக்கான கேள்வி வாணியம்பாடியில இருந்து வந்தது. அங்க ஒரு டேனரியில கணக்கு பார்க்கிற என் நண்பர், தினசரி வரவு செலவைத் தமிழ்லயே டைப் பண்ணி வைக்கிறார். ‘ஆட்டுத்தோல் 200’, ‘மாட்டு தோல் 40’, ‘ஆட்கள் 6 பேர்’, ‘ஆட்டோ வாடகை’ன்னு வரி வரியா இருக்கும். மாசக் கடைசியில ‘ஆடு’ன்னு தேடினா ஒண்ணுமே வரலை. சரின்னு ‘ஆட்’னு சுருக்கித் தேடினா ஆட்டுத்தோல் வந்துச்சு, கூடவே ஆட்களும் ஆட்டோவும் வந்துச்சு. அந்தப் பட்டியலை நம்பிக் கூட்டினா சரக்குக் கணக்கே தப்பாயிடும்.

காரணம் எளிது. தேடல் வெறும் எழுத்தைத்தான் பார்க்குது. ‘ஆட்டு’ங்கிறது ‘ஆடு’ எடுத்த இன்னொரு வடிவம்னு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு சொல்லோட எல்லா வடிவத்தையும் பட்டியல் போட்டுக் கொடுக்கலாமான்னா, ஆட்டை, ஆட்டுக்கு, ஆட்டோடு, ஆடுகளை, ஆடுகளுக்குன்னு அது நீண்டுகிட்டே போகும். அதனால வடிவங்களைச் சேமிக்காம, வேர்ச்சொல்லையும் விகுதிகளையும் அவை சேரும் விதியையும் மட்டும் கொடுப்பாங்க.

அதுக்கான கருவியை ஒரு பஸ் ரூட் மாதிரி நினைச்சுக்கோங்க. வாணியம்பாடியில ஏறினா ஆம்பூர், பள்ளிகொண்டா, அப்புறம் வேலூர். நிறுத்தங்கள் எண்ணிக்கையில அடங்குபவை, வரிசையும் மாறாது. இங்கேயும் அப்படித்தான். முதல் நிறுத்தத்துல வேர்ச்சொல், அடுத்து விருப்பப்பட்டா ‘கள்’, அதுக்கப்புறம் ஐ, கு, இல் மாதிரி வேற்றுமை உருபு. ‘ஆடுகளை’ கடைசி நிறுத்தம் வரைக்கும் போகும். ‘ஆட்டைகள்’ போகாது, ஏன்னா ‘ஐ’க்குப் பிறகு ‘கள்’ளுக்கு வழியே கிடையாது. இப்ப எந்த நிறுத்தத்துல இருக்கோம்ங்கிறது தவிர கருவிக்கு வேற நினைவு தேவையில்லை. ‘முடிவுறு நிலை’ன்னு சொல்றது இதைத்தான்.

இனி எழுத்து மாற்றம். ஆடு + ஐ எப்படி ‘ஆட்டை’ ஆகுது? முதல் விதி, ‘டு’வுக்கு முன்னாடி நெடில் இருந்து பின்னாடி வேற்றுமை உருபு வந்தா ‘ட்’டை இரட்டிக்கும்: ஆட்டு + ஐ. இரண்டாவது விதி, உயிரெழுத்து வந்தா கடைசி உகரத்தை எடுத்துடும்: ஆட்ட் + ஐ. அப்புறம் ஒட்டினா ‘ஆட்டை’. வரிசை முக்கியம். உகரத்தை முதல்ல எடுத்துட்டா, ‘டு’வைத் தேடுற முதல் விதிக்கு வேலையே இருக்காது.

‘வண்டு’ இதே வழியில போனா ‘வண்டை’தான் ஆகும். ‘டு’வுக்கு முன்னாடி நெடில் இல்லை, ‘ண்’ இருக்கு. ‘கார்டு’ம் அப்படியே ‘கார்டை’. ஆனா ஆங்கிலத்துல இருந்து வந்த ‘ரோடு’ சமர்த்தா ‘ரோட்டை’ ஆயிடும். ஸ்கூல்ல படிச்ச நெடில்தொடர்க் குற்றியலுகரம் ஞாபகம் வருதா? 13ஆம் நூற்றாண்டு நன்னூல்ல இருக்கிற விதிதான் இது.

இந்தச் சின்ன விதிகளையும் சொற்பட்டியலையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரே வலையா ஆக்கிடலாம். அந்த வலை இரண்டு பக்கமும் ஓடும். ‘ஆடு + ஐ’ கொடுத்தா ‘ஆட்டை’ வரும், ‘ஆட்டை’ கொடுத்தா ‘ஆடு + ஐ’ வரும். 1983ல ஃபின்லாந்தின் கிம்மோ கோஸ்கென்னியெமி தன்னோட மொழிக்காக இந்த மாதிரி இருபக்க மாதிரி ஒண்ணை வெளியிட்டார். ஃபின்னிஷும் தமிழ் போல விகுதி மேல விகுதி அடுக்குற மொழி. தமிழுக்கு இலங்கையின் சர்வேஸ்வரன், கிஹான் டயஸ், ஜெர்மனியில இருக்கிற மிரியம் பட் மூணு பேரும் ‘ஃபோமா’ங்கிற இலவசக் கருவியில ‘தமிழிமார்ஃப்’ பகுப்பானைக் கட்டினாங்க. 2021ல அதைப் பத்தின கட்டுரை வந்தது.

இப்ப நண்பரோட வரிகளுக்கு வருவோம். ‘ஆட்கள்’ வந்தா ‘ஆள் + கள்’னு பிரிஞ்சிடும். ‘ஆட்டோ’ தனி வேர்ச்சொல். ரெண்டும் ஆட்டோட கணக்குல சேராது. ‘ஆட்டுத்தோல்’ சரியா ‘ஆடு’கிட்ட போகும்.

சிக்கல் ‘மாட்டு தோல்’ல இருக்கு. அவர் ‘த்’ போடாம இடம் விட்டு எழுதுறார். தனியா நிக்கிற ‘மாட்டு’க்கு வலை ரெண்டு பதில் தரும்: ஒண்ணு ‘மாடு’, இன்னொண்ணு ‘கொக்கியில மாட்டு’ங்கிற வினை. ரெண்டும் இலக்கணப்படி சரி. எதுன்னு முடிவு பண்ண பக்கத்துச் சொல்லைப் பார்க்கணும், வலை அதைப் பார்க்காது. அதுக்கு இன்னொரு நிரல் வேணும்.

அதனால பதில்களோட எண்ணிக்கையைக் கவனிங்க. ஒண்ணுக்கு மேல வந்தா சொல் இருபொருள் தருது. ஒண்ணுமே வரலைன்னா வேர்ச்சொல் பட்டியல்ல இல்லை, இல்ல ‘ஆட்டுல’ மாதிரி பேச்சு வழக்கு விகுதி வலைக்குத் தெரியலை. ரெண்டாவதைச் சரிபண்றது சுலபம். ‘இல்’ இருக்கிற அதே நிறுத்தத்துல ‘ல’வுக்கும் ஒரு வழி போட்டா போதும். ஆடு, மாடு, ரோடுன்னு எல்லாச் சொல்லுக்கும் அது ஒரே நேரத்துல வேலை செய்யும்.