சேர்வதற்கு முன் எழுதும் இரண்டு பக்கம்

இரண்டு சிறு நிறுவனங்கள் கைகோக்க முடிவெடுத்ததும் முதலில் தயாராவது இரண்டு பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம். எம்ஓயு என்றால் எல்லோருக்கும் தெரியும். அதன் கடைசிப் பத்தியில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: "இந்த ஆவணம் இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது." யாரோ எப்போதோ போட்ட பழைய எம்ஓயுவிலிருந்து எடுத்து ஒட்டியது. விலையும் எண்ணிக்கையும் இன்னும் முடிவாகவில்லை, அதனால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற எண்ணத்தில் இரண்டு பேருமே அதை நிம்மதியாகப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் முதல் பக்கத்தில் எழுதிய "உங்கள் வரைபடங்களை வெளியே காட்ட மாட்டோம்" என்ற வாக்கையும் அந்த வரி செல்லாக்காசாக்கிவிடுகிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

கோவையை வைத்தே ஒரு ஜோடியைக் கற்பனை செய்துகொள்வோம். கணபதி பக்கம் ஒரு பம்ப்செட் நிறுவனம். இருபத்தைந்து பேர் வேலை செய்கிறார்கள். கொங்கு மாவட்டங்கள் முழுக்க டீலர்கள் உண்டு. இன்னொன்று பீளமேட்டில் ஆறு பொறியாளர்கள் நடத்தும் நிறுவனம். அவர்கள் மொபைல் ஸ்டார்ட்டர் செய்கிறார்கள். பேனலுக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். விவசாயி வீட்டிலிருந்தே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே ஓடினால் தானே நிறுத்திவிடும். இரண்டையும் ஒரே செட்டாக விற்க இருவருக்கும் ஆசை. முதல் வருஷம் 500 செட், பேனலுக்கு 4,200 ரூபாய், லாபத்தில் பங்கு, பொங்கலுக்குள் சந்தைக்கு வர வேண்டும், அதுவரை வேறு யாரோடும் பேசக் கூடாது. இவ்வளவும் ஒரு மாலைப் பேச்சில் முடிந்துவிடும்.

இதில் எது கட்டுப்படுத்த வேண்டும், எது கூடாது? நான் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்கச் சொல்வேன். நாளைக்கே இந்தப் பேச்சு முறிந்துபோனால், இந்த வரி அப்போதும் நமக்குத் தேவைப்படுமா? தேவைப்படும் என்றால் அது கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். பேச்சு முறிந்ததும் அர்த்தமில்லாமல் போய்விடும் என்றால் அதை எண்ணமாக மட்டும் எழுதி வைத்தால் போதும்.

500 செட் என்ற எண்ணை முதலில் பார்ப்போம். பேச்சு முறிந்தால் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. அதோடு அது இப்போதைக்கு ஓர் ஊகம்தான். ஒரு டீலர்கூட இன்னும் பேனலைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. அதைக் கட்டாயமாக்கினால் பேனல் நிறுவனம் 500 செட்டுக்கும் உதிரிபாகம் வாங்கிப் போட்டுவிட்டு, விற்காவிட்டாலும் எடுத்துக்கொள் என்று நிற்கும். பம்ப் நிறுவனமோ மழை நன்றாகப் பெய்து போர்வெல் வேலை குறைந்த வருஷத்திலும் பணம் கட்ட வேண்டியிருக்கும். 4,200 ரூபாயும் அப்படித்தான். உள்ளே இருக்கும் தகவல்தொடர்பு மாட்யூலின் விலை மாறினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். விலை, எண்ணிக்கை, வெளியீட்டுத் தேதி, லாபத்தில் யாருக்கு எவ்வளவு ஆகிய நான்கையும் எண்ணமாகவே விடுவதுதான் நல்லது. பாதி முடிவான விலையைக் கட்டாயமாக்கி எழுதினாலும் பெரிய பலன் கிடைக்காது. எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்று உறுதியாகத் தெரியாத, உறுதிசெய்யவும் முடியாத உடன்பாடு செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்ட வரியை எழுதியவருக்குப் பாதுகாப்பும் இல்லை, சுதந்திரமும் இல்லை.

மறுபக்கம், பேச்சு நடக்கும்போதே கைமாறிவிடும் விஷயங்கள் இருக்கின்றன. பேனல் நிறுவனம் சர்க்யூட் வரைபடத்தைக் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரோடு பொருந்துமா என்று பார்க்க முடியாது. பம்ப் நிறுவனம் டீலர் பட்டியலையும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் கமிஷனையும் சொல்லியாக வேண்டும். கல்யாணமே நடக்காவிட்டாலும் இவை அந்தந்த வீட்டுக்குத் திரும்பாது. ஆகவே ரகசியம் காப்பது கட்டாயம். அதுவும் பேச்சு முடிந்த பிறகு எத்தனை வருஷம் என்பதோடு எழுத வேண்டும்.

சோதனை ஓட்டத்தின் நஷ்டம் அடுத்தது. இருபது செட்டை இருபது தோட்டத்தில் மாட்டிப் பார்க்கிறார்கள். ஒரு கிணற்றில் தண்ணீர் இல்லாததைப் பேனல் கண்டுபிடிக்காமல் விட்டு, மோட்டார் காயில் எரிந்துபோகிறது. ரீவைண்டிங் செலவு யாருடையது? விவசாயிக்கு எம்ஓயு பற்றிக் கவலையில்லை, அவர் பம்ப் வாங்கிய டீலரிடம்தான் போய் நிற்பார். காயில் எரிந்தால் மோட்டார்காரர், பேனல் வேலை செய்யாததால் எரிந்தால் பேனல்காரர், காரணம் தெரியாவிட்டால் பாதிப் பாதி என்று மாட்டுவதற்கு முன்பே எழுதிவிட்டால் சண்டை இல்லை.

இவை இரண்டையும்விட அதிகம் சண்டை வருவது அச்சில். பேனலுக்குப் புதிய பிளாஸ்டிக் பெட்டி வேண்டும், அதற்கு மோல்டு அடிக்க வேண்டும். செலவு நான்கு லட்சம் என்று வைத்துக்கொள்வோம், ஆளுக்குப் பாதி. மோல்டு ஒரு டூல் ரூமில் தயாராகி அங்கேயே கிடக்கிறது. இந்த நேரத்தில் பேச்சு முறிகிறது. பணம் இருவருடையது, வடிவமைப்பு ஒருவருடையது, பொருள் மூன்றாமவர் ஷெட்டில். எம்ஓயுவில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, இருந்தாலும் "கட்டுப்படுத்தாது" என்ற கடைசிப் பத்தி அதை விழுங்கியிருக்கும். இரண்டு லட்சம் சிறு நிறுவனத்துக்கு ஒரு மாதச் சம்பளமாகவே இருக்கலாம். மோல்டு யாருடைய பெயரில், பேச்சு முறிந்தால் மற்றவருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதை மோல்டுக்கு முன்பணம் கட்டும் முன்பே தனிக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இதைச் சொன்னால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். "நமக்குள்ள எதுக்குங்க இதெல்லாம்? நீங்க ஏமாத்திருவீங்கன்னா உங்ககூடச் சேர்றேன்?" மற்றவர் உடனே, "அட, அப்படியில்லீங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார். அங்கேயே நின்று பேசிவிடுவதுதான் இரண்டு பேருக்கும் மரியாதை.

வேறு யாரோடும் பேசக் கூடாது என்ற வரியும் பேச்சு நடக்கும் காலத்துக்கானதுதான், அதனால் அது கட்டுப்படுத்த வேண்டும். ஆனால் தேதி போட்டு எழுத வேண்டும். இங்கிலாந்தில் 1992-இல் முடிந்த வால்ஃபோர்டு – மைல்ஸ் வழக்கில், விற்பவர் மூன்றாமவரோடு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவருக்கே நிறுவனத்தை விற்றுவிட்டார். எத்தனை நாள் என்று சொல்லப்படாததால் அந்த வாக்கைச் சட்டப்படி நிறைவேற்ற முடியாது என்று தீர்ப்பானது. நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம் என்பதும் சட்டத்தில் நிற்காது என்றார்கள். 90 நாள் என்று எழுதி, முடியும் தேதியையும் போட்டுவிடுவது நல்லது. எல்லாம் முடிந்த பிறகும் அந்தத் தொழிலையே நீ செய்யக் கூடாது என்று எழுதினால், இந்தியாவில் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு பெரும்பாலும் அதைச் செல்லாததாக்கிவிடும்.

இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும்: நாங்கள் பங்குதாரர்கள் அல்ல. லாபத்தில் பங்கு, ஒருவர் மற்றவருக்காகப் பேசுவது, விளம்பரத்தில் இரண்டு பெயரும் சேர்ந்து வருவது என்று கூடிக்கொண்டே போனால், 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின்படி நீங்கள் பங்குதாரர்கள்தான் என்று வெளியாள் வாதிட இடம் கிடைத்துவிடும். பங்குதாரர் என்றானால் தொழிலின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. இதில் வரி எழுதுவது மட்டும் போதாது. உண்மையில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைத்தான் சட்டம் பார்க்கும். எனவே மற்றவர் பெயரில் ஆர்டர் எடுக்கவோ கடன் வாங்கவோ கூடாது என்பதையும் சேர்த்து, அதன்படியே நடக்க வேண்டும்.

எழுதுவது எளிது. கடைசிப் பத்தியில் ஒட்டியதை நீக்கிவிட்டு இப்படிப் போடலாம்: "4 முதல் 8 வரையான பிரிவுகள் இரு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். மற்ற பிரிவுகள் இப்போதைய எண்ணத்தை மட்டும் சொல்கின்றன. இருவரும் கையெழுத்திட்ட தனி ஒப்பந்தம் வரும்வரை அவற்றால் யாருக்கும் உரிமையோ கடமையோ பிறக்காது." வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆனால் காகிதத்தில் எண்ணமாக விட்டதைக் கை கட்டாயமாக்கிவிடும் ஆபத்து அதன் பிறகும் தொடர்கிறது. இங்கிலாந்தில் கார்பன் பேப்பர் செய்த கிராம்ப்டன் நிறுவனமும் அமெரிக்காவில் விற்ற ரோஸ் அண்ட் ஃப்ராங்க் நிறுவனமும் 1913-இல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. இது கௌரவத்தின் பேரில் மட்டும், கோர்ட்டுக்குப் போகாது என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். 1919-இல் உறவு முறிந்தது. அந்த ஏற்பாடு கட்டுப்படுத்தாது என்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் முறிவதற்கு முன் அனுப்பி, ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆர்டர்கள் ஒவ்வொன்றும் தனி ஒப்பந்தம், அவற்றை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்றது.

நம் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்த்த டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே. பாக்சைட் வாங்குவது பற்றி மின்னஞ்சலில் விலையும் கப்பல்களின் எண்ணிக்கையும் பேசி, ஐந்து கப்பலுக்கு உறுதி என்று பதில் போனது. முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தே ஆகவில்லை. ஆனாலும் முக்கிய விஷயங்கள் முடிவாகிவிட்டதால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றே நீதிமன்றம் சொன்னது.

நம் ஜோடியில் இது எப்படி நடக்கும்? பேனல்காரர் வாட்ஸ்அப்பில், "500 செட், 4,200, கன்ஃபர்ம் பண்ணிரலாங்களா?" என்று கேட்கிறார். இவர் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிடுகிறார். அடுத்த நாள் 50,000 ரூபாய் போகிறது, வங்கிக் குறிப்பில் "500 செட் அட்வான்ஸ்". இப்போது எம்ஓயுவில் உள்ள "எண்ணம் மட்டும்" என்ற வரிக்கு எதிராக ஒரு செய்தியும் ஒரு பணப் பரிமாற்றமும் நிற்கின்றன. சோதனைக்கு வேண்டிய இருபது செட்டுக்குத் தனி பர்ச்சேஸ் ஆர்டர் போட வேண்டும். "இந்த 20 செட்டுக்கு மட்டும்" என்று அதில் இருக்க வேண்டும், பணக் குறிப்பிலும் ஆர்டர் எண் மட்டும் வர வேண்டும். சரக்கு போய்விட்டால் அந்த இருபதுக்கும் பணம் கொடுக்கும் கடமை வந்துவிடும். பேனல் நிறுவனம் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி எழுதிக்கொண்ட தவணைகூட 45 நாளுக்கு மேல் போகக் கூடாது.

தொண்ணூறாவது நாளும் வந்துவிடும். அன்று விலை படிந்திருந்தால் முழு ஒப்பந்தம் எழுதலாம். படியவில்லை, ஆனால் இருவருக்கும் இன்னும் விருப்பம் இருக்கிறது என்றால், நாள் நீட்டிப்பைப் புதிய தேதியோடு எழுத்தில் வாங்க வேண்டும். சும்மா பேசிக்கொண்டே போனால் வேறு யாரோடும் பேசாத கட்டு அவிழ்ந்துவிட்டதா இல்லையா என்று இருவருக்கும் தெரியாமல் போகும். வேண்டாம் என்று முடிவானால் ஒரு கடிதம்: வரைபடங்களையும் டீலர் பட்டியலையும் திருப்பித் தந்ததும் அழித்ததும், தோட்டங்களில் மாட்டிய இருபது பேனலில் எவை கழற்றப்பட்டன, எவை விவசாயியிடமே இருக்கின்றன, அவற்றுக்கு இனி சர்வீஸ் யார், மோல்டுக்கு யார் எவ்வளவு தந்தார், டூல் ரூமில் இருந்து அதை எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு. இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.