குழு ஸ்லைடுகளிலிருந்து ஒப்படைப்புக் குறிப்பு

விலகிச் செல்லும் மேலாளரிடம் பெரும்பாலும் குழுவை அறிமுகப்படுத்தும் ஒரு ஸ்லைடு கோப்பு இருக்கும். குழுவின் வேலை, ஆட்கள், பார்த்துக்கொள்ளும் மென்பொருள்கள், இந்தக் காலாண்டின் இலக்குகள் ஆகியவற்றைப் பத்துப் பதினைந்து பக்கங்களில் அது சொல்லிவிடும். பொறுப்பை ஒப்படைக்கும் நேரம் வந்ததும் பலர் அந்தக் கோப்பையே அடுத்தவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புகிறார்கள். அது போதாது. மேலிடத்துக்கும் மற்றத் துறைகளுக்கும் காட்டுவதற்காகச் செய்த கோப்பு அது. முடிந்த வேலையைப் பெரிதாகக் காட்டி, இழுபறியில் இருப்பதை ஒரு மஞ்சள் வட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும். அடுத்து வருபவருக்கோ அந்த மஞ்சள் வட்டத்தின் கதைதான் முதலில் தேவை. ஆனாலும் எதையெல்லாம் எழுத வேண்டும் என்பதற்கு அந்த ஸ்லைடுகளைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஒவ்வொன்றையும் எடுத்துவைத்து, அதில் சொல்லாமல் விட்டதை எழுதினால் ஒப்படைப்புக் குறிப்பு உருவாகிவிடும்.

ஓர் உதாரணம். பல கிளைகள் உள்ள மொத்த வியாபார நிறுவனத்தில் பில் போடும் மென்பொருளைப் பராமரிக்கும் குழு. மேலாளரையும் சேர்த்து ஒன்பது பேர். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் என்பதால், பிற வணிகர்களுக்குப் போடும் பில்களை அரசின் மின்-விலைப்பட்டியல் தளத்தில் பதிந்து அடையாள எண் வாங்க வேண்டும். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கெடு. ஸ்லைடில் ‘மாத வேலைகள்’ என்று ஒரே வரியாக இருப்பது, குறிப்பில் ‘1 முதல் 11 வரை மென்பொருளில் எந்த மாற்றமும் ஏற்றக் கூடாது, கணக்குப் பிரிவு திருத்தம் கேட்டு அழைத்துக்கொண்டே இருக்கும், அந்த நாட்களில் விடுப்பு தருவதற்கு முன் யார் இருப்பார்கள் என்று பார்க்க வேண்டும்’ என்று விரிய வேண்டும்.

ஆட்கள் பற்றிய ஸ்லைடில் ஒன்பது பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் இருக்கும். யார் யாருக்குக் கீழே என்பதை அவை காட்டும். ஒரு வேலையைத் தனியாக முடிக்கத் தெரிந்தவர் யார் என்பதைக் காட்டாது. வரி விகித அட்டவணையை மாற்றத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அந்த ஒரே வரி மொத்தப் படத்தையும் விட முக்கியமானது. அவர் இல்லாத நாளில் யார், அந்த ஆள் இதுவரை ஒருமுறையாவது செய்து பார்த்திருக்கிறாரா என்பதும் அதோடு சேர வேண்டும்.

அதே சமயம், ஆட்களைப் பற்றி எழுதக் கூடாதவையும் உண்டு. ஒருவரின் சம்பளம், குடும்பத்தில் இருக்கும் நோய், மேலாளரிடம் நம்பிச் சொன்ன மனக்குறை ஆகியவற்றுக்கு இந்தக் குறிப்பில் இடமில்லை. இது நாளடைவில் பல கைகளுக்குப் போகும் ஆவணம். சம்பந்தப்பட்டவர் ஒப்புக்கொண்டால் நேரில் சொல்லலாம். குணத்தைப் பற்றிய தீர்ப்புகளையும் விட்டுவிடுவது நல்லது. ‘பொறுப்பில்லாதவர்’ என்று எழுதினால் அடுத்தவர் அந்தக் கண்ணோடுதான் அவரைப் பார்ப்பார். எந்த வேலை எந்தத் தேதியில் நின்றுபோனது என்று எழுதினால் காரணத்தைத் தாமே விசாரித்துக்கொள்வார்.

மென்பொருள்களைக் காட்டும் ஸ்லைடில்தான் ஆபத்து அதிகம் ஒளிந்திருக்கிறது. எந்த சர்வர் எதோடு பேசுகிறது என்று படம் சொல்லும். எது யாருடைய லாகினில் ஓடுகிறது என்று சொல்லாது. தினமும் இரவு கணக்குப் பிரிவுக்கு விற்பனை அறிக்கை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடங்களுக்கு முன் அவசரத்தில் அதை மேலாளர் தன் சொந்த லாகினிலேயே அமைத்திருக்கலாம். அவர் போனதும் லாகின் மூடப்படும். மறுநாள் காலை அறிக்கை வராது. காரணம் யாருக்கும் புரியாது. எஸ்.எம்.எஸ் சேவையைப் புதுப்பிக்கும் ஓ.டி.பி அவருடைய கைபேசிக்கே போய்க்கொண்டிருப்பதும் இதே வகைதான்.

இவற்றை நினைவிலிருந்து பட்டியலிட்டால் ஏதாவது விட்டுப்போகும். மேலாளர் இன்னும் அலுவலகத்தில் இருக்கும்போதே, 11-ஆம் தேதி தாண்டிய ஒரு நாளில் அவருடைய அனுமதிகளை நிறுத்திவைத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. எது நிற்கிறதோ அதைக் குழுவின் பொது லாகினுக்கு மாற்றிவிடலாம். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகள் இந்தச் சோதனையில் சிக்காது. அவற்றுக்கு, குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலில் அவர் பெயரைத் தேட வேண்டும். பாஸ்வேர்டுகளைக் குறிப்பில் எழுதக் கூடாது. அவை எந்தப் பெட்டகத்தில் இருக்கின்றன, திறக்க அனுமதி தருபவர் யார் என்பதை மட்டும் எழுதினால் போதும்.

எண்களைக் காட்டும் ஸ்லைடுக்கு வருவோம். ‘மென்பொருள் 99.9 சதவீத நேரம் இயங்கியது’ என்றால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம்தான் நின்றது என்று பொருள். அரசுத் தளம் நின்றுபோன நேரத்தைக் குழு இதில் சேர்த்திருக்காது. கிளையில் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு பில்லுக்காகக் காத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவர் கணக்கில் அது நான்கு மணி நேரமாக இருக்கலாம். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பது எண்ணுக்குப் பக்கத்திலேயே இல்லாவிட்டால், புதிய மேலாளர் முதல் கூட்டத்திலேயே கிளை மேலாளர்களோடு வீண் சண்டையில் மாட்டிக்கொள்வார்.

எழுதுவதற்குக் கடினமானது வாக்குறுதிகளின் பகுதி. ‘சரக்கு திரும்பும் பில் - அடுத்த காலாண்டு’ என்று ஸ்லைடு சொல்லும். ஒரு கிளைக்கு அதை ஆகஸ்டுக்குள் தருவதாக மேலாளர் தொலைபேசியில் சொல்லியிருப்பார். எழுத்தில் எங்கும் இருக்காது. குழுவில் ஒருவருக்கு அடுத்த அப்ரைசலில் பதவி உயர்வுக்குப் பரிந்துரைப்பதாகச் சொல்லியிருப்பார். முதல் வகை குறிப்பில் வர வேண்டும்: யாரிடம், எப்போது, என்ன சொற்களில், குழுவுக்குத் தெரியுமா என்று. இரண்டாவது தனிப்பட்டது, அதை மனிதவளத் துறையை வைத்துக்கொண்டு தனியாக ஒப்படைக்க வேண்டும். செய்ய முடியாது என்று மறுத்தவற்றையும் காரணத்தோடு எழுதுவது நல்லது. ஆள் மாறினால் மறுக்கப்பட்ட கோரிக்கைகள் எல்லாம் புதியவரிடம் திரும்ப வரும்.

எட்டுப் பக்கத்துக்கு மேல் போனால் இதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தேதி போட வேண்டும். ஜூனில் சரியாக இருந்தது செப்டம்பரில் தவறாகியிருக்கும். குறிப்பு போதுமா என்பதைக் கே.டி. கூட்டத்தில் தலையாட்டுவதை வைத்து முடிவுசெய்ய முடியாது. கடைசி இரண்டு வாரங்களில் ஒரு வாரம் புதியவரே குழுக் கூட்டத்தை நடத்தி, வரும் புகார்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பழையவர் பேசாமல் உடன் இருக்க வேண்டும். அந்த வாரத்தில் புதியவர் அவரிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் விடுபட்ட ஓர் இடம். அன்றைக்கே அதைச் சேர்த்துவிட வேண்டும்.

கடைசியாக அந்த ஸ்லைடு கோப்பே. அதிலுள்ள வரைபடங்கள் பல சமயம் மேலாளரின் சொந்த ஒன்டிரைவில் இருக்கும் எக்செல் தாள்களோடு இணைந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் 365-இல் நிறுவனம் வேறு அமைப்பு செய்யாவிட்டால், கணக்கை அழித்த பின் அந்தக் கோப்புகள் 30 நாள்தான் வைக்கப்படும். எனவே கோப்பையும் மூலத் தாள்களையும் கடைசி நாளுக்கு முன்பே குழுவின் பொதுக் கோப்புறைக்கு நகர்த்தி, இணைப்புகள் அங்கிருந்து திறக்கின்றனவா என்பதைப் புதியவரின் கணினியில் பார்த்துவிட வேண்டும்.