மடிக்கணினியின் சார்ஜை விழுங்கும் ஒரே ஒரு கோப்பு

சின்கிங் (Syncthing) ஓடும் மடிக்கணினியில் மின்விசிறி ஓயாமல் இரைந்து, சார்ஜ் மளமளவென்று இறங்கினால், பலரும் அந்த மென்பொருளையே தூக்கிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். உலாவியில் `127.0.0.1:8384` பக்கத்தைத் திறந்து கோப்புறையின் நிலையைக் கவனியுங்கள். புதிதாக எதையும் சேர்க்காதபோதும் அடிக்கடி `Scanning` என்று காட்டினால், உள்ளே ஏதோ ஒரு கோப்பு மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒரு கோப்பு மாறியதும் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுவதுதான் சின்கிங்கின் வழி. சிறு கடிதத்துக்கு இது நொடி வேலை. ஆனால் விர்ச்சுவல்பாக்ஸின் 20 ஜிபி வட்டுக்கோப்பு அங்கே இருந்தால்? அதில் சில பைட்டுகள் மாறினாலும் 20 ஜிபியையும் திரும்பப் படிக்க வேண்டும். அந்த மெய்நிகர் கணினி ஓடும்வரை இது ஓயாது. பிராசசருக்கு ஓய்வேது?

கோப்புறையின் `Edit` பகுதியில் `Ignore Patterns` தாவலைத் திறந்து இப்படி எழுதுங்கள்:

```
*.vdi
node_modules
```

இரண்டாவது வரி நிரலாளர்களுக்கு. ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் அதில் குவிந்திருக்கும். இந்தப் பட்டியல் மற்ற கருவிகளுக்குத் தானாகப் போகாது, ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும். விலக்கிய கோப்பு இனி நகலாகாது என்பதால், மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு வெளிவட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

`Watch for Changes` இயங்கினால், 3600 நொடிக்கு ஒருமுறை நடக்கும் முழுச் சோதனையை 86400 ஆக்கலாம். பார்த்து முடித்ததும் அந்த உலாவிப் பக்கத்தையும் மூடிவிடுங்கள்; திறந்திருந்தால் அதுவும் பிராசசரைத் தின்னும்.