கடைசி வருட டெசர்டேஷன்: சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது எப்படி?

வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிப்பவரா நீங்கள்? அப்படியென்றால் கடைசி வருட டெசர்டேஷன் உங்களுக்கும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும். கைடு முதல் சந்திப்பிலேயே "ஒரு டைம்லைன் போட்டுட்டு வாங்க" என்பார். நாமும் எக்செலில் மாதங்களை வரிசையாக எழுதி, டிசம்பரில் தரவு, ஜனவரியில் பகுப்பாய்வு, மார்ச்சில் எழுத்து என்று வண்ணம் பூசிக் கொடுத்துவிடுவோம்.

நானும் அப்படித்தான் கொடுத்தேன். ஓர் அரசுத் துறையிடம் ஆர்டிஐ மூலம் தரவு கேட்டிருந்தேன். 30 நாளில் பதில் வரும், 31-ம் நாள் பகுப்பாய்வு தொடங்கும் என்பது என் கணக்கு. பதில் 34-ம் நாள் வந்தது. வந்தது எக்செல் இல்லை, கையெழுத்துப் பதிவேட்டின் நகல்கள். தட்டச்சு செய்து முடிக்கவே மூன்று வாரம் போனது. என் டைம்லைனில் அந்த மூன்று வாரத்துக்கு இடமே இல்லை.

அதில் என்ன தவறு, எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

உதாரணம் என்ன?

டெல்லியில் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதிகளில் டெசர்டேஷன் எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தலைப்பு: டெல்லி, பெங்களூரு, சென்னை நகரப் பேருந்துகளில் எத்தனை தினமும் உண்மையில் சாலைக்கு வருகின்றன? மூன்று போக்குவரத்துக் கழகங்களிடமும் வழித்தட வாரியாக ஆர்டிஐயில் தரவு கேட்க வேண்டும். தொடங்கும் நாள் டிசம்பர் 1. சமர்ப்பிக்க வேண்டிய நாள் மே 15. கையில் ஐந்தரை மாதம். தாராளமாகத் தெரிகிறது, இல்லையா?

ஏன் பின்னாலிருந்து எண்ண வேண்டும்?

மே 15 என்பது நீங்கள் எழுதி முடிக்கும் நாள் அல்ல. அன்று பைண்டிங் செய்த பிரதி, கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, நூலகம் தரும் சிமிலாரிட்டி ரிப்போர்ட் எல்லாம் சேர்ந்து மேசையில் இருக்க வேண்டும்.

அந்த ரிப்போர்ட் வெறும் சடங்கு இல்லை. யுஜிசியின் 2018-ம் ஆண்டு விதிமுறைப்படி, முதுகலை ஆய்வேட்டிலும் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-ஐத் தாண்டி 40 சதவீதம் வரை போனால், ஆறு மாதத்துக்கு மிகாத ஒரு காலக்கெடுவுக்குள் திருத்திய பிரதியை மறுபடி கொடுக்கச் சொல்லலாம். மே 13 அன்று ரிப்போர்ட் கைக்கு வந்து அதில் 14 என்று இருந்தால், திருத்த நேரம் கிடையாது. ஆகவே இறுதி வடிவம் மே 4-ம் தேதி நூலகத்துக்குப் போய்விட வேண்டும். உங்கள் உண்மையான கடைசி நாள் அதுதான்.

முன்பக்கத்தையும் பாருங்கள். ஆர்டிஐ சட்டப்படி பதிலுக்கு 30 நாள். அந்தக் கணக்கு, மனு அந்த அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும். டிசம்பர் 8 அன்று அனுப்பி, 10-ம் தேதி கிடைத்தால், ஜனவரி 9 வரை காத்திருக்க வேண்டும். ஆக, தரவோடு உட்காரக் கிடைக்கும் காலம் ஜனவரி 12 முதல் மே 4 வரை, சரியாக 16 வாரம். ஐந்தரை மாதம் நான்கு மாதத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது.

பஃபர் எவ்வளவு?

1994-ல் கனடாவின் உளவியலாளர்கள் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஒரு சோதனை செய்தார்கள். இறுதியாண்டு ஆய்வேடு எழுதும் மாணவர்களிடமே, எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் சுமார் 34 நாள். எல்லாமே மோசமாகப் போனால்? சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். அதாவது அவர்களது மோசமான கணிப்பையும் தாண்டிவிட்டது. முதல் கணிப்போடு ஒப்பிட்டால் 60 சதவீதத்துக்கும் அதிகம்.

இதை விதி என்று எடுக்க வேண்டாம், நம் கணக்கைச் சோதிக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நம் உதாரணத்தில் தரவைச் சுத்தம் செய்ய 2 வாரம், பகுப்பாய்வு 4, எழுத 5, திருத்த 1, மொத்தம் 12 வாரம் சொந்த வேலை. கைடு முழு வரைவையும் படிக்க 2 வாரம். ஆக 14. மீதம் 2 வாரம். 12 வார வேலைக்கு 60 சதவீதம் என்றால் 7 வார பஃபர் வேண்டும். கையில் இருப்பது 2. இந்தத் திட்டம் டிசம்பர் 1 அன்றே தோற்றுவிட்டது. ஏப்ரலில்தான் தெரியவரும், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? முதலில், தரவு வராமலே எழுதக்கூடியவற்றைக் காத்திருக்கும் காலத்துக்கு நகர்த்துங்கள். முந்தைய ஆய்வுகள், ஆய்வுமுறை ஆகிய இரண்டு அத்தியாயங்களை டிசம்பரிலேயே எழுதலாம். எழுத்து 5 வாரத்திலிருந்து 3 ஆகும். அப்போதும் பஃபர் 4 வாரம்தான், தேவையோ 6.

இப்போதுதான் கஷ்டமான முடிவு. ஒரு நகரத்தை விட்டுவிட வேண்டும். பெங்களூரை எடுத்துவிட்டால் சுத்தம் செய்வது 1 வாரம், பகுப்பாய்வு 3 வாரம். சொந்த வேலை 8, கைடுக்கு 2, மீதம் 6. தேவை சுமார் 5. இப்போது திட்டம் நிற்கிறது. ஏப்ரலில் பதற்றத்தோடு வெட்ட வேண்டியதை டிசம்பரில் நிதானமாக வெட்டியிருக்கிறோம்.

அந்த 6 வாரத்தை எங்கே வைப்பது?

ஒவ்வொரு வேலைக்கும் "ஒரு வாரம் கூடுதலா போட்டுக்கலாம்" என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். கொடுத்த நேரம் முழுவதையும் வேலை தின்றுவிடும். சீக்கிரம் முடிந்தாலும் மிச்சமான நாள் அடுத்த வேலைக்குப் போகாது. ஒரு வாரத்தை மட்டும் பகுப்பாய்வுக்குப் பின்னால் வையுங்கள், ஏனென்றால் தரவின் பிழைகள் அங்கேதான் வெளிவரும். மற்ற ஐந்தையும் கடைசியில் ஒன்றாக வையுங்கள். திட்டம் இப்படி ஆகும்:

- ஜனவரி 12 – 19: சுத்தம் செய்தல்
- ஜனவரி 19 – பிப்ரவரி 9: பகுப்பாய்வு
- பிப்ரவரி 9 – 16: சிறிய பஃபர்
- பிப்ரவரி 16 – மார்ச் 9: எழுத்து
- மார்ச் 9 – 23: கைடு வாசிப்பு
- மார்ச் 23 – 30: திருத்தம்
- மார்ச் 30 – மே 4: பெரிய பஃபர்

மைல்கல்லையும் தெளிவாக எழுதுங்கள். "பகுப்பாய்வு முடிந்தது" என்பது மைல்கல் இல்லை, அதை யாரும் சரிபார்க்க முடியாது. "இரு நகரங்களின் தினசரி இயங்கிய பேருந்துகள் அட்டவணை கைடுக்கு அனுப்பியாச்சு" என்பதுதான் மைல்கல்.

கைடைப் பார்ப்பது எப்போது?

"மாதம் ஒரு முறை" என்று போடுவதைவிட, பின்னால் மாற்றினால் அதிகம் செலவாகும் முடிவுகளுக்கு முன்னால் போடுங்கள். நம் உதாரணத்தில் அப்படி நான்கு உண்டு.

முதலாவது டிசம்பர் 4, ஆர்டிஐ மனு போவதற்கு முன். கேள்வியைத் தவறாகக் கேட்டால் இன்னொரு 30 நாள் போய்விடும். "பேருந்துகளின் நிலை என்ன" என்று கேட்டால் ஒரு பத்தி பதில் வரும். எந்த மாதம், எந்தப் பணிமனை, எத்தனை பேருந்து என்று கேட்டு, எக்செல் வடிவில் தரும்படியும் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது ஜனவரி 12. அன்று பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்கு 30 நாள், அதிகபட்சம் 45 நாள் ஆகலாம். பிப்ரவரி 26 வரை இழுக்கும். நம் பகுப்பாய்வோ பிப்ரவரி 9-ல் முடிய வேண்டும். அதனால் மேல்முறையீட்டை அனுப்பிவிட்டு, அன்றே மாற்றுத் தரவுக்குப் போக வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலப் போக்குவரத்துக் கழகங்களின் செயல்பாடு பற்றி வெளியிடும் அறிக்கைகளில், ஒவ்வொரு கழகத்திடமும் உள்ள பேருந்துகள், அவற்றில் சாலையில் ஓடுபவை பற்றிய எண்கள் உண்டு. வழித்தட விவரம் கிடைக்காது, ஆகவே ஆய்வுக் கேள்வியே மாறும். கேள்வி மாற வேண்டுமென்றால் கைடு சம்மதம் தேவை. அதனால்தான் அந்தத் தேதி.

மூன்றாவது ஜனவரி 27. ஒரு நகரத்தின் ஒரு மாதத் தரவுக்கு மட்டும் அட்டவணை போட்டுக் காட்டுங்கள். "பழுதில் நிற்கும் பேருந்தையும் மொத்தத்தில் சேர்த்தீங்களா?" என்ற கேள்வி அப்போது வந்தால் ஒரு நாள் வேலை. மார்ச்சில் வந்தால் எல்லா அட்டவணையையும் திரும்பப் போட வேண்டும்.

நான்காவது மார்ச் 9, முழு வரைவு. அந்த இரண்டு வாரத்தில் கைடுக்குத் தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம், விடுப்பு ஏதாவது உண்டா என்று டிசம்பரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் மூன்று நாள் முன்னால் ஒரு பக்கக் குறிப்பை இரண்டு குறிப்பான கேள்விகளோடு அனுப்புங்கள். முடிந்த அன்றே, பேசி முடிவெடுத்ததை நான்கு வரியில் மின்னஞ்சலாக எழுதுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்ற பேச்சு பின்னால் வராது.

தடம் மாறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

"எத்தனை சதவீதம் முடிந்தது" என்று உங்களையே கேட்காதீர்கள், பதில் எப்போதும் 80 என்றுதான் வரும். ஞாயிறு இரவு ஒரே ஒரு தேதியை எழுதுங்கள்: இப்போதைய நிலையில் திருத்தம் முடிவது எப்போது? திட்டத்தில் மார்ச் 30. இந்த வாரம் ஏப்ரல் 6 என்று எழுதினால், ஐந்து வார பஃபரில் ஒன்று போய்விட்டது. பரவாயில்லை, அதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் முழு வரைவு கைடு கைக்குப் போவதற்கு முன்பே அந்தத் தேதி ஏப்ரல் 13-ஐத் தாண்டினால், இரண்டு வாரத்துக்கு மேல் கரைந்துவிட்டது என்று பொருள். அந்த வாரமே கைடைப் பார்த்து, எதை விடலாம் என்று பேசுங்கள். ஆய்வுக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைக்கலாம், ஒரு துணைக் கேள்வியை எடுத்துவிடலாம்.

இந்தத் திட்டமும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. கைடு மாறினாலோ, அலுவலகத்தில் திடீரென்று மூன்று வாரம் வெளியூர் அனுப்பினாலோ ஐந்து வாரமும் போதாமல் போகலாம். அப்போதும் ஒரு வித்தியாசம் இருக்கும். பிப்ரவரியிலேயே அது உங்களுக்குத் தெரிந்திருக்கும், கால நீட்டிப்பு கேட்க நேரமும் கையில் நாலு வரி மின்னஞ்சல்களும் இருக்கும்.