பவுலின் கையெழுத்தா, பவுலின் பெயரா?

தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம் மிகச் சிறியது. மூன்றே அதிகாரங்கள், 47 வசனங்கள். கால் மணி நேரத்தில் படித்துவிடலாம். புதிய ஏற்பாட்டில் இதைவிட ஆழமான நிருபங்கள் பல உண்டு. ஆனாலும் 'இதை எழுதியவர் யார்' என்று கேட்பவர்கள் இந்தச் சின்ன நிருபத்தைத் தாண்டிப் போவதில்லை. காரணம், போலிக் கடிதங்களைப் பற்றி இந்த நிருபமே பேசுகிறது. எங்கள் பெயரில் வந்ததாகச் சொல்லப்படும் கடிதத்தைக் கண்டு கலங்காதீர்கள் என்று இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் எச்சரிக்கிறது. முடிவில், இந்த வாழ்த்தைப் பவுலாகிய நான் என் கையாலேயே எழுதுகிறேன், என் நிருபங்கள் எல்லாவற்றிலும் இதுவே அடையாளம் என்று முத்திரை குத்துகிறது.

இந்த முத்திரை உண்மையானதா, அல்லது உண்மை போலத் தோன்றுவதற்காக வேறொருவர் குத்தியதா? 200 ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் இதில் பிரிந்து நிற்கிறார்கள்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரோடு வரும் நிருபங்கள் 13. அவற்றில் ரோமர், கொரிந்தியர் இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கேயர் முதலாம் நிருபம், பிலேமோன் ஆகிய ஏழும் அவர் எழுதியவையே என்பதை ஏறக்குறைய எல்லா ஆய்வாளர்களும் ஒப்புகிறார்கள். மீதி ஆறில்தான் வழக்கு. தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதிய மூன்றின் மீது ஐயம் அதிகம். தெசலோனிக்கேயர் இரண்டாம் நிருபத்தில் தராசு ஏறக்குறைய நேராக நிற்கிறது. இரு தரப்பு வாதங்களும் எப்படி எடைபோடப்படுகின்றன என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கேள்வி எழுந்ததும் பழைய சுவடிகளைப் புரட்டினால் விடை கிடைக்காதா என்று தோன்றும். கிடைக்காது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில் இரண்டு தெசலோனிக்கேய நிருபங்களின் துணுக்குகளும் இருக்கின்றன. நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் சுவடி, சினாய் சுவடி இரண்டிலும் நிருபம் முழுதாக இருக்கிறது. இந்த நிருபம் இல்லாத ஒரு பவுல் தொகுப்பு வழக்கில் இருந்ததற்குச் சான்று இல்லை. கி.பி. 140 வாக்கில் தனக்கென ஒரு வேதத் தொகுப்பை அமைத்து, திருச்சபையோடு மோதிய மார்க்கியோன்கூட இதைச் சேர்த்துக்கொண்டார். கைப்படிகளை ஒப்பிட்டு மூலத்தின் சொற்களை மீட்பதுதான் மூலபாட ஆய்வு. பிரதிகள் தொடங்குவதற்கு முன்பு பேனாவைப் பிடித்தவர் யார் என்பதை அதனால் நேரடியாகச் சொல்ல முடியாது.

ஆனால் பாடபேதம் சில சமயம் இந்த வழக்கிலும் சாட்சிக்கூண்டில் ஏறும். இரண்டாம் அதிகாரம் 13ஆம் வசனத்தைப் பாருங்கள். தேவன் உங்களை ஆதிமுதல் தெரிந்துகொண்டார் என்பது சினாய் சுவடியின் பாடம். உங்களை முதற்கனியாகத் தெரிந்துகொண்டார் என்பது வத்திக்கான் சுவடியின் பாடம். பழைய கிரேக்கச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அதனால் ஒரு பாடம் 'அபார்க்கேன்' என்றும் மற்றது 'அபார்க்கேஸ்' என்றும் முடிகிறது. கடைசி எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. பிரதி எடுப்பவர் கண் அசந்தால் போதும்.

எது மூலம்? 'முதற்கனி' பவுலுக்குப் பழகிய சொல்; ரோமரிலும் கொரிந்தியரிலும் ஓர் ஊரில் முதலில் விசுவாசித்தவர்களை அவர் அப்படி அழைக்கிறார். 'ஆதிமுதல்' என்று பொருள்படும் தொடரோ அவருடைய மற்ற நிருபங்களில் இல்லை. ஆக, 'முதற்கனி'யைத் தேர்ந்தால் நிருபம் பவுலின் நடையை இன்னும் கொஞ்சம் நெருங்குகிறது. 'ஆதிமுதல்' என்றால் கொஞ்சம் விலகுகிறது. மக்கெதோனியாவில் முதலில் விசுவாசித்தவர்கள் பிலிப்பி ஊரார்தானே, தெசலோனிக்கேயரை எப்படி முதற்கனி என்பார் என்று மறுதரப்பு கேட்கிறது. இன்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கிரேக்கப் பதிப்பு 'முதற்கனி'யை ஏற்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'ஆதிமுதல்' நிற்கிறது. இங்கே ஒரு பொறியும் உண்டு. 'பவுல் எழுதியது, ஆகவே முதற்கனிதான்' என்று பாடத்தை முடிவுசெய்துவிட்டு, பிறகு 'முதற்கனி என்றிருக்கிறது, ஆகவே பவுல்தான்' என்று வாதாடினால் அது வட்டமாகச் சுற்றுவதாகும். பாடத்தைச் சுவடிச் சான்றால் தனியாக முடிவுசெய்த பிறகுதான் ஆசிரியர் கேள்விக்குப் போக வேண்டும்.

ஐயப்படுவோரின் வாதத்தைக் கூர்மையாக்கியவர் ஜெர்மானிய அறிஞர் வில்லியம் விரேடே. 1903இல் அவர் முதலாம் நிருபத்தையும் இரண்டாம் நிருபத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட்டார். தொடக்க வாழ்த்து கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் ஒன்று. நன்றி சொல்லும் பகுதி இரண்டிலும் இரண்டு முறை வருகிறது, மற்ற நிருபங்களில் காணாத வழக்கம் இது. யாருக்கும் பாரமாக இராதபடி இரவும் பகலும் பாடுபட்டு உழைத்தோம் என்ற வரி, முதலாம் நிருபம் இரண்டாம் அதிகாரத்திலும் இரண்டாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்திலும் ஒரே சொற்களில் அடுக்காக வருகிறது. ஒருவர் சில மாத இடைவெளியில் அதே ஊருக்கு எழுதினால், பழைய கடிதத்தின் சொற்கள் இவ்வளவு அச்சாகத் திரும்புமா? பார்த்து எழுதியவர் வேறொருவர் என்பதே எளிய விளக்கம் என்றார் விரேடே.

சொல் ஒத்துப்போகிறது, சொல்லப்படும் செய்தி ஒத்துப்போகவில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. முதலாம் நிருபத்தில் கர்த்தருடைய நாள் இரவில் வரும் திருடனைப்போல் முன்னறிவிப்பின்றி வரும். இரண்டாம் நிருபத்திலோ முன்பு ஒரு பெரும் விலகல் நடக்க வேண்டும், அக்கிரமத்தின் உருவான ஒருவன் வெளிப்பட்டு தேவாலயத்தில் உட்கார வேண்டும், அவனைத் தடுத்து நிற்கும் ஒன்று விலக வேண்டும். அதன் பிறகுதான் அந்த நாள். குரலும் மாறுகிறது. முதலாவதில் பால் கொடுக்கும் தாயைப்போல் உருகுகிறவர், இரண்டாவதில் 'நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம்' என்று விறைப்பாகத் தொடங்குகிறார்.

பவுல்தான் எழுதினார் என்போர் இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறார்கள். அவை ஒப்புக்குச் சொல்லும் பதில்கள் அல்ல. ஒரே மாதங்களில், ஒரே ஊருக்கு, பவுல், சில்வான், தீமோத்தேயு என்ற அதே மூவர் பெயரில் எழுதும்போது சொற்கள் ஒத்துப்போவதுதான் இயல்பு என்கிறார்கள். அந்நாளில் அனுப்பிய கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. 'நாள் வந்துவிட்டது' என்று ஊரில் பீதி கிளம்பியதாலேயே, இன்னும் வரவில்லை என்பதற்கான அடையாளங்களைச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்பவர்களின் சிக்கல் மாறும்போது அழுத்தமும் குரலும் மாறும். திடீர் வருகையும் முன்னடையாளங்களும் அக்காலத்து யூத எழுத்துகளில் அருகருகே வருவதும் உண்டு. கி.பி. 70இல் எருசலேம் தேவாலயம் இடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு எழுதுகிறவர் ஒருவன் போய் உட்காரும் ஆலயத்தை ஏன் கற்பனை செய்ய வேண்டும் என்பதும் அவர்கள் கேள்வி. பவுலின் காலத்தில் எழுதியதாகக் காட்டுவதற்காகத்தான் என்று மறுதரப்பு திருப்பிச் சொல்லும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான உரையில் ஆபிரகாம் மல்ஹெர்பே இந்தத் தரப்பைத் திறமையாக எடுத்துவைத்தார்.

இனி அந்தக் கையெழுத்துக்கு வருவோம். எகிப்தில் கிடைத்த பழங்காலக் கடிதங்கள் பலவற்றில் உடல் பகுதி ஒரு கையிலும் கடைசி வாழ்த்து வேறு கையிலும் இருப்பதைக் கண்ணால் காணலாம். சொல்லச் சொல்ல எழுதியவர் எழுத்தர். இறுதி வரியை அனுப்புநர் தானே எழுதினார். பவுலும் அப்படித்தான் செய்தார். ரோமர் 16ஆம் அதிகாரத்தில் தெர்தியு என்ற எழுத்தர் தன் பெயரிலேயே வாழ்த்துச் சொல்கிறார். கொரிந்தியர் முதலாம் நிருபத்திலும் கலாத்தியரிலும் பவுல் தன் கையால் எழுதுவதைச் சுட்டுகிறார். ஆனால் தெசலோனிக்கேயர் முதலாம் நிருபத்தில் அந்த அடையாளம் பற்றிய பேச்சே இல்லை. பிறகு 'எல்லா நிருபங்களிலும்' என்பது எப்படிச் சரியாகும்? பவுலின் கடிதங்கள் தொகுப்பாகிவிட்ட பிறகு எழுதியவரின் வாய்மொழி இது என்கிறார்கள் ஐயப்படுவோர். தொகுப்பைக் கையில் வைத்திருந்தவருக்குப் பாதி நிருபங்களில் அந்த அடையாளமே இல்லை என்பது தெரிந்திருக்குமே, பொய்யைப் பிடித்துக்கொடுக்கும் வரியை அவரே எழுதுவாரா என்று கேட்கிறார்கள் மறுப்போர். பவுல் வழக்கமாகத் தன் கையால் முடித்தார், எப்போதும் அதைச் சொல்லிக் காட்டவில்லை என்பது அவர்கள் விளக்கம். மூலத்தாள் இருந்திருந்தால் ஒரே பார்வையில் தீர்ந்திருக்கும். நகல்களில் எல்லாம் ஒரே எழுத்தரின் கை. என் கணிப்பில் இந்த வரி எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்வதில்லை, இரு பக்கமும் அதைப் பெரிதாக நம்பியிருந்தாலும்.

கணினியில் சொல் எண்ணிப் பார்க்கலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிருபம் முழுவதும் கிரேக்கத்தில் 800க்குச் சற்று மேற்பட்ட சொற்கள்தான். நடையை அளந்து ஆளைக் கண்டுபிடிக்க இது போதாத மாதிரி. போதாக்குறைக்கு எழுத்தருக்கும் உடன் அனுப்பியவர்களுக்கும் எவ்வளவு பங்கு என்பதும் தெரியாது.

பவுல் எழுதவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், எழுதியவர் ஏமாற்றுக்காரரா? அக்காலத்துச் சான்று இரண்டு பக்கமும் இழுக்கிறது. வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன், பவுலின் பெயரில் ஒரு கதையைப் புனைந்த மூப்பர், பவுல் மீதுள்ள அன்பால் செய்தேன் என்று ஒப்புக்கொண்டபோதும் பதவியை இழந்ததைப் பதிவு செய்கிறார். அதே தெர்த்துல்லியன் வேறோர் இடத்தில், சீடர் வெளியிட்டது குருவினுடையதாகவே கருதப்படலாம் என்கிறார். பார்ட் எர்மான் போன்றோர் முதல் சான்றைப் பிடித்துக்கொண்டு அக்காலத்தவரும் இதை வஞ்சகமாகவே கண்டார்கள் என்கிறார்கள். குருவின் போதனையை அவர் பெயரிலேயே வளர்த்தெடுத்த மரபு என்கிறார்கள் வேறு சிலர். ஆனால் இந்த நிருபம் போலிக் கடிதங்களை எச்சரித்துக் கையொப்பமும் காட்டுகிறது. வேறொருவர் எழுதியிருந்தால், பணிவான மரபு என்ற விளக்கம் இங்கே பொருந்துவது கடினம்.

நிருபம் வேதத்தில் இருப்பது இந்த ஆய்வின் கேள்வி அல்ல. திருச்சபை அதை ஏற்று வாசித்துவருகிறது. ஆசிரியர் யார் என்ற கேள்வியைத் திறந்தே வைத்துக்கொண்டு அதைப் பிரசங்கிக்கும் போதகர்களும் இருக்கிறார்கள்.

யார் சொல்வதையும் நம்புவதற்கு முன், இரண்டு நிருபங்களையும் எடுத்து அருகருகே விரித்து வையுங்கள். முதலாம் நிருபம் 2:9ஐயும் இரண்டாம் நிருபம் 3:8ஐயும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். பிறகு முதலாவதின் ஐந்தாம் அதிகாரத்தை, இரண்டாவதின் இரண்டாம் அதிகாரத்தோடு வைத்துப் படியுங்கள். வாதங்கள் எல்லாம் அந்த நான்கு இடங்களிலிருந்துதான் கிளம்புகின்றன.