தரையில் உட்காரும் பை

ஸ்டுடியோவில் எடுத்த முதுகுப்பையின் படத்தை வெட்டி ஒரு புல்வெளிப் படத்தில் ஒட்டினால், பை பெரும்பாலும் அந்தரத்தில் மிதப்பதுபோலத் தெரியும். வெட்டிய ஓரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நிழல் பொய்யாக இருந்தால் கண் ஏமாறாது.

வெயில் எங்கிருந்து வருகிறது என்பதைப் பின்னணிப் படமே சொல்லும். சமதரையான புல்வெளியில் 1 மீட்டர் உயரக் கம்பம் ஒன்று நிற்பதாகவும், அதன் நிழல் வலப்பக்கமாக 1.7 மீட்டர் நீள்வதாகவும் கொள்ளலாம். அப்படியானால் சூரியன் இடப்பக்கத்தில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் இருக்கிறது. அதே இடத்தில் 50 செ.மீ. உயரப் பையை வைத்தால் நிழல் 85 செ.மீ. நீள வேண்டும். நிழல் பக்கவாட்டில் விழுவதால்தான் படத்தில் இதை நேராக அளக்க முடிகிறது. கேமராவை நோக்கி வரும் நிழல் குறுகித் தெரியும். அங்கே இந்தக் கணக்கு பலிக்காது.

பையின் வெளிச்சமும் இதற்கு ஒத்துப்போக வேண்டும். ஸ்டுடியோ விளக்கு வலப்பக்கத்திலிருந்து அடித்திருந்தால், படத்தை இடவலமாகத் திருப்பிப்போடுவது குறுக்குவழி. ஆனால் பையில் உள்ள எழுத்தும் இடவலமாக மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதே சாய்வில் வெயில் அடிக்கும் நேரத்தில் பையை வெளியே வைத்து மறுபடி எடுப்பதுதான், உண்மையில், குறைந்த வேலை.

நிழலுக்குக் கறுப்பு பூசுவது அடுத்த தவறு. வெயில் படாத இடத்திலும் வானத்தின் நீல ஒளி விழுகிறது. அதனால் போட்டோஷாப்பில் நிழல் பகுதியை மட்டும் தேர்ந்து Curves கொண்டு புல்லையே இருட்டாக்கி, கம்பத்தின் நிழலோடு நிறமும் அடர்த்தியும் பொருந்தும்வரை சரிசெய்ய வேண்டும். புல்லின் இழை உள்ளே தெரிய வேண்டும். நிழலின் ஓரம் எங்கும் ஒரேபோல் மங்குவதும் இல்லை. சூரியன் வானில் அரைப் பாகை அகல வட்டமாகத் தெரிவதால், பையின் அடியருகே ஓரம் கூர்மையாக இருக்கும். இந்தப் பையின் உச்சி நிழல் விழும் இடத்தில் சுமார் 2 செ.மீ. மங்கும்.

மிதப்பைப் போக்குவது பையும் தரையும் தொடும் கோடு. வெயிலும் வான ஒளியும் நுழைய முடியாத அந்த இடுக்கு, நிழல் முழுவதிலும் மிக இருண்டது. அது விரலகலத்துக்கும் குறைவு. பொருள் நிறைந்த பையின் அடி மேடுபள்ளமாக அமர்வதால், தொடும் இடத்தில் மட்டும் கறுத்து, இடையில் வெளிறும். ஒரே தடிப்பில் கோடு போட்டால் பை தட்டையான அட்டைபோல் ஆகிவிடும். பையின் முன்னால் சில புல் இதழ்கள் அடிப்பகுதியை மறைக்கவும் வேண்டும். வெயில் பட்ட புல்லிலிருந்து எழும் பச்சைச் சாயல் துணியின் கீழ்ப்பகுதியில் லேசாகப் படிய வேண்டும்.

நிறத்தை நீக்கிப் படத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால் பிழை எளிதில் பிடிபடும். பையின் அடிக்கோடு கம்பத்தின் அடியைவிட வெளிறியிருந்தால், பை இன்னும் மிதக்கிறது.