6,500 ரூபாய் இருக்கைக்கு 10,738 ரூபாய் பில்

கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம், நான்காவது மாடியில் இருக்கும் ஒரு கோவொர்க்கிங் அலுவலகத்தில் ஒரு மாதம் இருந்து வேலை பார்த்தேன். விளம்பரப் படங்களை எடிட் செய்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது என் தொழில். வீட்டில் இருந்தபடி சம்பாதிக்கிறவர்கள் இப்படி ஒரு இடம் தேடும்போது முதலில் கேட்பது வாடகை, அடுத்தது இன்டர்நெட் வேகம். இரண்டுக்கும் வரவேற்பில் சொல்லப்படும் பதில் முழு விவரம் ஆகாது.

முதலில் இன்டர்நெட். "300 எம்பிபிஎஸ் சார்" என்றார் மேலாளர். வேகத்தைச் சோதித்துப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் அது டவுன்லோடு வேகம். அப்லோடு மதியம் மூன்று மணிக்கு 8 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியது. 8 ஜிபி வீடியோ ஒன்றை 40 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப அரை மணி நேரம் போதும். 8 எம்பிபிஎஸ்ஸில் இரண்டே கால் மணி நேரம் ஆகும். காலையில் கூட்டம் இல்லாதபோது சோதித்துவிட்டுப் பணம் கட்டினால் இது தெரியவே தெரியாது.

காரணம் இணைப்பின் வகை. லீஸ்டு லைன் என்றால் அந்தக் கட்டடத்துக்கென்றே ஒதுக்கிய பாதை. அப்லோடும் டவுன்லோடும் ஒரே அளவு இருக்கும், துண்டித்தால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வோம் என்று நிறுவனம் எழுதிக் கொடுக்கும். பிராட்பேண்ட் அப்படியல்ல, தெருவில் உள்ள மற்றவர்களோடு பங்கிட்டுக்கொள்வது. பிராட்பேண்ட்டில் எண் பெரிதாகத் தெரியும், லீஸ்டு லைனில் சிறிதாகத் தெரியும். 300 எம்பிபிஎஸ் பிராட்பேண்டை விட 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் பல வேலைகளுக்கு மேல். வீடியோ கால் ஒன்றுக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தேவைப்படாது. அதற்கு வேண்டியது அறுந்து அறுந்து வராத இணைப்பு.

அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
ping 8.8.8.8 -n 100
```

கணினி நூறு முறை கூகுளின் சர்வரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் எவ்வளவு நேரமானது என்று காட்டும். எண்கள் எல்லாம் பத்து, இருபது என்று ஒரே சீராக வந்தால் நல்ல இணைப்பு. 12, 15, 240, 18, 390 என்று தாவினால் காலில் குரல் உடையும். நடுவே Request timed out என்ற வரி வந்தால், அந்த முறை பதிலே திரும்பவில்லை என்று பொருள். நூறில் இரண்டு மூன்று முறை அப்படி வந்தாலே வாடிக்கையாளர் "கேட்கவில்லை" என்பார். ஆட்கள் நிறைந்திருக்கும் மதிய நேரத்தில், நீங்கள் உட்காரப்போகும் மேஜையில் வைத்தே இதைச் செய்ய வேண்டும். வரவேற்புப் பக்கம் வைஃபை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

மின்சாரம் போனால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்தேன். ஜெனரேட்டர் சில விநாடிகளில் ஓடத் தொடங்கியது, விளக்கு எரிந்தது. இன்டர்நெட் மட்டும் திரும்பி வர நான்கைந்து நிமிடம் ஆனது. ரவுட்டருக்கு யுபிஎஸ் இருந்தது. கூரையில் உள்ள வைஃபை கருவிகளுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்சுக்கு இல்லை. அது அணைந்து மறுபடி எழுந்து வரும் வரை யாருக்கும் இணைப்பு கிடையாது. "மாற்று இணைப்பு இருக்கிறதா?" என்று கேட்கும்போது, அது வேறு நிறுவனத்துடையதா, வேறு வழியாகக் கட்டடத்துக்குள் வருகிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் போனால், ஜேசிபி ஒருமுறை தோண்டினால் இரண்டும் போய்விடும். மெட்ரோ பணி நடக்கும் சாலைகளில் இது வெறும் பயம் அல்ல.

சத்தத்தைப் பற்றி. பொது இருக்கைப் பகுதி அமைதியாகத்தான் இருந்தது, பக்கத்து அறைக்கு டெலிகாலிங் குழு ஒன்று குடிவரும் வரை. கண்ணாடி அறைதானே, கதவைச் சாத்தினால் சரி என்று தோன்றும். ஆனால் தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங் வரைதான் போகிறது. அதற்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே வெற்றிடம், குரல் அந்த வழியாக வந்துவிடுகிறது. மீட்டிங் அறைக்குள் ஒருவரைப் பேசவிட்டு வெளியே நின்று கேட்டால் சில விநாடிகளில் தெரிந்துவிடும். அறைக்குள் நீங்கள் சொல்லும் விலையும் வெளியே கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒருவர் மட்டும் நின்று பேசும் போன் பூத் இரண்டு இருந்தன. சத்தம் நன்றாகவே அடங்கியது, ஆனால் உள்ளே காற்றோட்டம் போதாது. அரை மணி நேரக் காலுக்கு அது உதவாது.

இடம் பதிவு செய்வது ஆப் மூலம் சுலபமாக நடக்கிறது. மாதச் சந்தா கட்டியவர்களுக்கு நிரந்தர மேஜை கிடையாது, வந்தவர் காலியான இடத்தில் உட்கார வேண்டும். திங்கள், செவ்வாயில் பதினோரு மணிக்குப் போனால் சுவரோரம் பிளக் உள்ள இடங்கள் தீர்ந்திருக்கும். மீட்டிங் அறையை 24 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்தால்தான் நேரம் திரும்பக் கிடைக்கும். மீதமாகும் இலவச நேரம் மாத இறுதியோடு காலாவதி.

இனி பில். விளம்பரத்தில் 6,500. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் மீட்டிங் அறை இலவசம். நான் ஐந்து மணி நேரம் பயன்படுத்தினேன், மணிக்கு 400 வீதம் மூன்று மணிக்கு 1,200. பைக் நிறுத்த 500. மாலை ஏழு மணியோடு மைய ஏசி நின்றுவிடும், அதற்கு மேல் இருந்தால் மணிக்கு 100. அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேச இரவில் இருந்தாக வேண்டும், அது ஒன்பது மணி நேரம், 900. மொத்தம் 9,100. அதன் மேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி, 1,638. ஆக 10,738 ரூபாய்.

இந்த ஜிஎஸ்டியைப் பலர் பெரிதாக எடுப்பதில்லை. பதிவு பெற்ற நிறுவனங்கள் இதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருப்பவர்கள் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை, அதனால் அப்படிக் கழிக்கவும் முடியாது. அவர்களுக்கு அது முழுச் செலவுதான். விலை கேட்கும்போதே வரியோடு கேளுங்கள்.

இன்னொன்று, வெளியேறும்போது வருவது. ஒப்பந்தத்தில் 30 நாள் நோட்டீஸ் என்று இருக்கும். பக்கத்திலேயே, நோட்டீஸ் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கணக்காகும் என்றும் இருக்கும். ஜூன் 5-ம் தேதி சொன்னால் ஜூலை முடியும் வரை வாடகை உண்டு. முன்பணத்தில் துப்புரவுக் கட்டணம் கழிக்கப்படும் என்ற வரியும் அதே பக்கத்தில் இருந்தது.

இதே அலுவலகத்தில் ஒரு நாள் கட்டணம் 450, பத்து நாள் தொகுப்பு 4,000. ஒரு நாள் கட்டணத்தோடு ஒப்பிட்டால், மாதத்தில் 15 நாளாவது வருபவருக்குத்தான் மாதச் சந்தா லாபம். தொகுப்பின் விலையில் நாளுக்கு 400 என்று பார்த்தால் 17 நாள் வர வேண்டும். பகலில் எழுதுவது, டிசைன் செய்வது, வாரத்தில் ஒரிரு கால் பேசுவது என்று இருப்பவர்களுக்குப் பத்து நாள் தொகுப்பை எடுக்கச் சொல்வேன், அதற்கு இந்த இடம் நல்ல இடம். பெரிய ஃபைல்களை அப்லோடு செய்பவர்களுக்கும் இரவு வேலைக்காரர்களுக்கும் இது சரிவராது. நான் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.